சுழல மூன்று, நடக்க நான்கு

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள், ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் மியூசிக்ஃபெராயின் அரங்கில் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு புத்தாண்டுக் கச்சேரி நடத்துகிறது. பல நாடுகளில் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பாகும் கச்சேரி அது. இசைக்குழுவை நடத்துபவர் மாறுவார், வாசிக்கும் உருப்படிகள் மாறும். நிறைவுக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. முதலில் 'நீல டான்யூப்' என்ற வால்ட்ஸ், அதன்பின் 'ராடெட்ஸ்கி மார்ச்'. இந்த இரண்டோடுதான் ரசிகர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

வால்ட்ஸ் ஒலிக்கும்போது அரங்கம் கைகட்டிக் கேட்கிறது. மார்ச் தொடங்கிய சில நொடிகளில் கைதட்டல் கிளம்பிவிடுகிறது. இசைக்கு முன்னும் போகாமல் பின்னும் தங்காமல், ஆயிரக்கணக்கான கைகள் ஒன்றாகத் தட்டுகின்றன. நடத்துநர் தம் குழுவுக்கு முதுகைக் காட்டி ரசிகர்கள் பக்கம் திரும்பி, எங்கே மெல்லத் தட்ட வேண்டும், எங்கே ஓங்கித் தட்ட வேண்டும் என்று சைகை காட்டுகிறார். யாருக்கும் ஒத்திகை இல்லை, ஆனாலும் தாளம் பிசகுவதில்லை.

இரண்டு உருப்படிகளும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. மார்ச்சை எழுதியவர் தந்தை யோஹான் ஸ்ட்ராஸ். 1848 ஜூலையில் வட இத்தாலியின் குஸ்டோஸாவில் ஆஸ்திரியப் படைக்கு வெற்றி தேடித்தந்த தளபதி ராடெட்ஸ்கியைச் சிறப்பிக்க எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று அது வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. வால்ட்ஸை எழுதியவர் அவர் மகன். அவர் பெயரும் யோஹான் ஸ்ட்ராஸ்தான். 1867 பிப்ரவரி 15 அன்று அது முதலில் பாடகர் குழுவோடு அரங்கேறியது. தந்தையும் நிறைய வால்ட்ஸ் எழுதியவர், மகனும் மார்ச் எழுதியவர். ஆகவே இந்த வேறுபாடு இரண்டு மனிதர்களின் சுபாவத்தால் வந்ததன்று. மார்ச் இரண்டிரண்டாக, நான்கு நான்காக எண்ணப்படுகிறது. வால்ட்ஸ் மும்மூன்றாக எண்ணப்படுகிறது. உடம்பு இந்தக் கணக்கைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது.

இரண்டு எண்கள்

மேலை இசையை எழுதும் தாளில், தொடக்கத்திலேயே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு எண்கள் நிற்கும். சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாத்தியக் கலைஞர்கள் இதை 'த்ரீ ஃபோர்', 'ஃபோர் ஃபோர்' என்றே சொல்வார்கள். பார்க்கப் பின்னம் மாதிரி இருந்தாலும் இதில் வகுப்பதற்கு எதுவும் இல்லை. எழுதப்பட்ட இசை முழுவதும் செங்குத்துக் கோடுகளால் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்துக்கு 'பார்' என்று பெயர். மேலே உள்ள எண், ஒரு பாருக்கு எத்தனை தட்டு என்று சொல்கிறது. கீழே உள்ள எண், எந்த நீளமுள்ள சுரத்தை ஒரு தட்டாகக் கொள்ள வேண்டும் என்று சொல்கிறது. கீழே 4 இருந்தால் ஒரு முழுச் சுரத்தில் கால் பங்கு நீளமுள்ள சுரம் ஒரு தட்டு. எவ்வளவு வேகமாக வாசிப்பது என்பதற்கு இந்த எண்களில் விடை கிடையாது. அதைத் தனியாக எழுதுவார்கள்.

ஆனால் பார்க் கோடு கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குக் கேட்காது. தாளைப் பார்க்காமல் கேட்பவருக்கு ஒரு பார் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரிகிறது?

எடையால் தெரிகிறது. எல்லாத் தட்டும் ஒரே கனத்தில் விழுவதில்லை. பாரின் முதல் தட்டில் தாழ்ந்த குரல் வாத்தியம் இறங்கும், பெரிய டிரம் அதிரும், பின்னணிச் சுரக்கூட்டு மாறும், நீண்ட சுரம் ஒன்று வந்து அமரும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலே காது 'இதுதான் ஒன்று' என்று முடிவு செய்துவிடுகிறது. நான்கு நான்கில் முதல் தட்டு கனம், இரண்டாவது லேசு, மூன்றாவது நடுத்தரக் கனம், நான்காவது மறுபடி லேசு. மூன்று நான்கில் முதல் தட்டு மட்டும்தான் கனம். பின்னால் வரும் இரண்டும் லேசு.

சொற்கட்டு கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இதைச் சோதிக்கத் தாளும் பேனாவும் வேண்டாம். 'தகதிமி தகதிமி' என்று, ஒவ்வொரு 'த'வையும் சற்று அழுத்தி, நான்கைந்து முறை சொல்லிப் பார்க்கலாம். பிறகு அதே வேகத்தில் 'தகிட தகிட' என்று மாற்றலாம். முதலாவது நேராக முன்னே போகிறது. இரண்டாவது வந்த இடத்துக்கே வளைந்து திரும்புகிறது. எழுத்துகளின் வேகம் மாறவில்லை, அழுத்தம் திரும்பி வரும் தூரம் மட்டும் ஓர் எழுத்து குறைந்திருக்கிறது.

இடதுகாலின் தட்டு

மார்ச் என்பது கூட்டமாக நடப்பதற்காக எழுதப்பட்ட இசை. மனிதனுக்குக் கால் இரண்டு என்பதால் நடையின் கணக்கும் இரண்டுதான்: இடது, வலது, இடது, வலது. இதை நான்கு நான்கு பாரில் பொருத்தினால் ஒன்றாவது தட்டில் இடதுகால், இரண்டாவதில் வலதுகால், மூன்றாவதில் இடதுகால், நான்காவதில் வலதுகால். கனமான தட்டு, நடுத்தரக் கனமான தட்டு இரண்டுமே இடதுகாலுக்குப் போய்ச்சேர்கின்றன. பாட்டு எவ்வளவு நீண்டாலும் இந்த ஏற்பாடு மாறாது. ராடெட்ஸ்கி மார்ச் உட்படப் பல மார்ச்சுகள் அச்சில் இரண்டு நான்கு அல்லது இரண்டு இரண்டு என்று எழுதப்பட்டிருக்கும். அவற்றிலும் கனம் இடதுகாலுக்கே சேரும்.

பள்ளி விளையாட்டு விழாவில் அணிவகுத்த எவருக்கும் இந்தப் பயன் நேரடியாகத் தெரியும். வரிசையில் ஒருவர் கால் தப்பிவிட்டால், அவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தேவையில்லை. பெரிய டிரம் அதிரும் இடத்தில் தம் வலதுகால் தரையில் பட்டால் தவறு என்று உடனே தெரிந்துவிடும். அரை அடி இழுத்து மாற்றிப்போட்டு அடுத்த அதிர்வுக்குள் வரிசையோடு சேர்ந்துகொள்ளலாம். சுருக்கமாக, நூறு பேரின் இடதுகாலுக்கு ஒரே நேரத்தில் முகவரி சொல்லும் வேலையைத் தாளக்குறி செய்கிறது.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. பல நாட்டு ராணுவங்களில் விரைவு நடை நிமிடத்துக்கு 120 காலடி அல்லது அதை ஒட்டியே இருக்கும். பிரான்சின் அயல்நாட்டார் படை மட்டும் நிமிடத்துக்கு 88 காலடிதான் வைக்கும். தேசிய தின அணிவகுப்பில் மற்றப் படைகளுக்கு நடுவே அதன் நடை தனியாகத் தெரிவதற்கு அதுவே காரணம். இறுதி ஊர்வல மார்ச் இன்னும் மெதுவாகப் போகும். வேகம் எப்படி மாறினாலும் கனம் இடதுகாலை விட்டு நகர்வதில்லை.

வியன்னாவில் ரசிகர்கள் தட்டுவதும் இந்தத் தட்டைத்தான். நடக்க இடம் இல்லாத அரங்கில், உட்கார்ந்தபடியே கைகளால் நடக்கிறார்கள் என்று சொல்லலாம். 2005 கச்சேரியில் அந்தக் கைதட்டல் நடக்கவில்லை. அதற்குச் சில நாள் முன்புதான், 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி நாகப்பட்டினத்தையும் இலங்கையின் கரையோர ஊர்களையும் பிற நாட்டுக் கரைகளையும் வாரிக்கொண்டு போயிருந்தது. இறந்தவர்களுக்கு மரியாதையாக, லோரின் மாசெல் நடத்திய அந்தக் கச்சேரி நீல டான்யூபோடு முடித்துக்கொள்ளப்பட்டது. மார்ச் வாசிக்கப்படவில்லை. சேர்ந்து கொண்டாடச் சொல்லும் இசை எது, அப்படிச் சொல்லாத இசை எது என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

ஒரு நொடியை மூன்றாக வெட்டினால்

வால்ட்ஸ் ஜோடியாகச் சுழன்று ஆடும் நடனம். ஆஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் கிராம மக்கள் ஆடிய நடனங்களிலிருந்து வளர்ந்து, 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் அரங்குகளைப் பிடித்துக்கொண்டது. அதன் பாரில் மூன்று தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு காலடி. கால்களோ இரண்டு.

இங்கேதான் மார்ச்சின் ஏற்பாடு உடைகிறது. முதல் பாரில் இடது, வலது, இடது என்று மூன்று தட்டும் தீர்ந்துவிடுகின்றன. அடுத்த பாரின் கனமான முதல் தட்டுக்கு முறை வலதுகாலுடையது: வலது, இடது, வலது. அதற்கடுத்த பார் மறுபடி இடதில் தொடங்கும். கனம் எந்தக் காலிலும் நிலையாகத் தங்காமல் இடதுக்கும் வலதுக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. உடலின் எடையும் அதோடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்கிறது. இரண்டு பார், அதாவது ஆறு காலடி முடியும்போதுதான் ஆரம்பித்த நிலைக்குக் கால்கள் திரும்புகின்றன. வியன்னா வால்ட்ஸில் ஜோடி ஒரு முழுச்சுற்றுச் சுழல எடுத்துக்கொள்வதும் அந்த ஆறு காலடியைத்தான். ஒரு பாருக்கு அரைச்சுற்று. முதல் அரைச்சுற்றில் முன்னால் போனவர் இரண்டாவதில் பின்னால் போவார், அவருடைய ஜோடி முன்னால் வருவார். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால்தான் இந்தப் பரிமாற்றம் இயல்பாக நடக்கிறது.

புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவதும் இதே இடத்தில்தான். நடந்து பழகிய கால், ஒவ்வொரு பாரையும் இடதிலேயே தொடங்கப் பார்க்கும். அப்படிச் செய்ய மூன்றாவது தட்டில் ஒரு காலடியை விழுங்கவோ கூடுதலாக ஒன்றைத் திணிக்கவோ வேண்டியிருக்கும். இரண்டாவது பாரிலேயே ஜோடியின் முழங்காலில் முட்டிக்கொள்வார்கள்.

வேகத்தை ஒப்பிட்டால் இன்னொன்று புலப்படும். நடனப் போட்டிகளில் வியன்னா வால்ட்ஸ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 பார் வேகத்தில் போகும். ஒரு பாருக்கு ஒரு கனமான தட்டு என்பதால், நொடிக்கு ஒரு கனம். இப்போது நிமிடத்துக்கு 120 காலடி வைக்கும் மார்ச்சை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி, 60 காலடி இடதுகாலுடையவை. அங்கும் நொடிக்கு ஒரு கனம்தான். ஆகக் கனமான தட்டுகளை மட்டும் எண்ணினால் அணிவகுக்கும் வீரரும் சுழலும் ஜோடியும் ஒரே வேகத்தில் இருக்கிறார்கள். கனத்துக்கும் கனத்துக்கும் இடையே உள்ள அந்த ஒரு நொடியை மார்ச் இரண்டாக வெட்டுகிறது, வால்ட்ஸ் மூன்றாக வெட்டுகிறது. ஒன்று விறைப்பாகவும் மற்றது மிதப்பாகவும் தோன்றுவதற்கு அந்த வெட்டு போதுமானதாக இருக்கிறது.

இசைக்குழுவும் வேலையைப் பிரித்துக்கொள்கிறது. முதல் தட்டில் டபுள் பாஸ் போன்ற தாழ்குரல் வாத்தியங்கள் ஒற்றைச் சுரத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது தட்டுகளை இரண்டாம் வயலின்களும் வியோலாக்களும் ஹார்ன்களும் குறுகிய சுரக்கூட்டுகளாக எடுத்துக்கொள்ளும். கீழே ஒன்று, மேலே இரண்டு. இந்த வடிவம் கேட்டவுடனே, மெட்டு தொடங்குவதற்கு முன்பே, இது வால்ட்ஸ் என்று தெரிந்துவிடும்.

வியன்னாக் கலைஞர்கள் இதிலும் ஒரு நுட்பம் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது தட்டை அதற்குரிய நேரத்துக்கு இம்மி முன்னதாகவே வாசித்துவிடுவார்கள். மூன்றாவது தட்டு அவசரப்படாமல் அதன் இடத்தில் வரும். இதனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே சிறிய இடைவெளி விழுந்து, அடுத்த கனத்துக்கு முன் ஓர் ஏக்கம் உண்டாகிறது. தாளில் மூன்று தட்டும் சம நீளத்தில்தான் எழுதப்பட்டிருக்கும், இதை எழுதிக் காட்டக் குறி எதுவும் இல்லை. மூன்றையும் அச்சுப்போல் சமமாக, சமக் கனத்தோடு வாசித்தால் கணக்குப்படி எதுவும் தப்பாது. ஆனால் ஆடுகிறவரின் கால் எழும்பாது. ஒரு குழுவுக்கு வால்ட்ஸ் கைவந்திருக்கிறதா என்று அறிய முதல் தட்டைக் கேட்பதைவிட இரண்டாவது தட்டைக் கேட்பதே சரியான வழி.

ஷோபானிடம் எண்ணிக் காட்டியவர்

மூன்று நான்கு என்று எழுதிவிட்டால் அது வால்ட்ஸ் ஆகிவிடாது. போலந்து நாட்டின் மசூர்கா நடனமும் மூன்று தட்டில்தான் இருக்கிறது. ஆனால் அதில் அழுத்தம் அடிக்கடி முதல் தட்டை விட்டு இரண்டாவதிலோ மூன்றாவதிலோ போய் விழும். ஆடுகிறவர் அந்த இடத்தில் குதிகாலால் தரையைத் தட்டுவார். வால்ட்ஸில் வழுக்கிக்கொண்டு போகும் மூன்று, மசூர்காவில் நின்று, திரும்பி, தரையை உதைத்துவிட்டுப் போகிறது.

வார்சாவுக்கு அருகில் பிறந்து பாரீஸில் வாழ்ந்த ஷோபான் பியானோவுக்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட மசூர்காக்கள் எழுதினார். அவர் வாசிக்கக் கேட்ட பியானோ கலைஞர் சார்லஸ் ஹாலே தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். ஷோபான் முதல் சுரத்தில் அவ்வளவு நேரம் தங்கினாராம். மூன்று நான்கில் எழுதிய மசூர்கா ஹாலேயின் காதில் நான்கு நான்காகவே விழுந்ததாம். அதைச் சொன்னபோது ஷோபான் அடித்து மறுத்தார். ஹாலே விடவில்லை. ஒரு மசூர்காவை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து பாருக்கு நான்கு என்று வாய்விட்டு எண்ணினார். எண்ணிக்கை கச்சிதமாகப் பொருந்தியது. ஷோபான் சிரித்துவிட்டு, அந்த நடனத்தின் நாட்டு இயல்பே அப்படி என்று விளக்கம் சொன்னாராம்.

ஹாலேயின் கணக்கும் தப்பில்லை, ஷோபானின் மறுப்பும் தப்பில்லை. கடிகாரத்தால் அளந்தால் முதல் தட்டு இரண்டு தட்டு நீளத்துக்கு இழுபட்டிருக்கலாம். ஆனால் ஷோபானின் உள்ளத்தில் ஓடிய நடனத்தில் மூன்று காலடிதான். நீண்டுபோன முதல் தட்டு அங்கே ஒரே தட்டுதான். அதை இரண்டாக உடைத்து யாரும் கால் வைக்கப்போவதில்லை. நீளத்தைவிட அழுத்தமும், அழுத்தம் விழும் இடமும், அதற்கு ஏற்ப அசையும் காலும் சேர்ந்துதான் மூன்றை மூன்றாக வைத்திருக்கின்றன.

மூன்றில் நடக்க முடியுமா?

முடியும். ஸ்காட்லாந்தின் பைப் வாத்தியக் குழுக்கள் அதை வழக்கமாகவே செய்கின்றன. 'ரிட்ரீட் மார்ச்' என்ற வகையில் பல மெட்டுகள் மூன்று நான்கில் அமைந்தவை. அவற்றில் மிகவும் அறியப்பட்டது 'டிரோலின் பசுங்குன்றுகள்'. அதன் மூலம் இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் 'வில்லியம் டெல்' இசை நாடகத்தில் இருக்கிறது. கிரிமியப் போரின்போது சார்டினியப் படையின் வாத்தியக் குழு அதை வாசிக்கக் கேட்ட ஜான் மக்லியாட் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் பைப் கலைஞர், அதைத் தம் வாத்தியத்துக்கு மாற்றிக்கொண்டார். இன்றும் பைப் குழுக்கள் அதை வாசித்துக்கொண்டே நடக்கின்றன.

வாசிப்பவர்கள் தட்டுக்கு ஒரு காலடி வைப்பதால் வரிசை கலையாது. ஆனால் கனம் ஒரு பாரில் இடதுகாலுக்கும் அடுத்த பாரில் வலதுகாலுக்கும் போவதால், நடையில் முறுக்குக் குறைந்து ஓர் அசைவு சேர்ந்துவிடுகிறது. பகல் வேலை முடிந்து பாசறைக்குத் திரும்பும் நேரத்துக்கு உரிய இசை என்று அந்த வகைக்குப் பெயர் அமைந்திருப்பது பொருத்தமாகவே இருக்கிறது. கால் தப்பியவருக்கு மட்டும் இங்கே கஷ்டம். இடதுகாலைக் காட்டிக்கொடுக்கும் அதிர்வை நம்ப முடியாது. பக்கத்தில் நடப்பவரின் காலைப் பார்த்துத்தான் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமான் இன்னும் துணிந்தார். 1834-35 ஆண்டுகளில் அவர் எழுதிய 'கார்னிவல்' என்ற பியானோ தொகுப்பின் கடைசி உருப்படிக்கு மார்ச் என்றே பெயர். கலைக்காக நிற்கும் தாவீதின் தோழர்கள், ரசனையற்ற பிலிஸ்தியர்களை எதிர்த்து அணிவகுப்பதாக அதன் தலைப்பு சொல்கிறது. தாளக்குறி மூன்று நான்கு. முழங்கும் சுரக்கூட்டுகளும் வீறாப்பும் மார்ச்சுக்கு உரியவைதான். ஆனால் கேட்டுக்கொண்டே நடந்து பார்த்தால் இரண்டாவது பாரிலேயே கனம் எதிர்க்காலில் விழுகிறது. படைவீரர்களுக்காக எழுதாமல் கலைஞர்களின் கற்பனைப் படைக்காக எழுதியதால், சீருடை நடைக்குள் அடங்காத ஒரு மார்ச்சை அவரால் எழுத முடிந்தது.

நின்று பாடும் பாட்டு

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் இந்த இரண்டு கணக்குகளும் நின்றபடியே பழகியவை. அரசு விழாவின் தொடக்கத்தில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் வரிகளுக்கு எம்.எஸ். விசுவநாதன் மெட்டமைத்தது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, மோகன ராகத்தில் திஸ்ர நடையில் 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று குறிப்பிடுகிறது. திஸ்ரம் என்றால் மூன்று, அதாவது தகிட. விழா முடிவில் பாடப்படும் நாட்டுப்பண் நான்கின் கணக்கில் நடக்கிறது. ஏறத்தாழ 52 விநாடி எடுத்துக்கொள்கிறது. நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதலாவதைப் பாடும்போது தோள் லேசாக அசையப் பார்ப்பதும், இரண்டாவதைப் பாடும்போது உடம்பு தானாக நிமிர்ந்து நிற்பதும் பலர் உணர்ந்திருக்கக்கூடியதே.

கர்நாடக இசையின் தாளத்தையும் மேலைத் தாளக்குறியையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆதி தாளத்தில் கை போடுவதும் விரல் எண்ணுவதும் வீசுவதும், சுற்றில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் காட்டும் அடையாளங்கள். கை விழும் இடமெல்லாம் பாட்டில் அழுத்தம் வர வேண்டிய கட்டாயம் இல்லை. மேலைத் தாளக்குறியோ எண்ணிக்கையோடு எடையையும் சேர்த்தே சொல்கிறது. தகிட, தகதிமி என்ற நடைக்கணக்கில்தான் இரண்டும் நெருங்கி வருகின்றன.

பிற நாடுகளின் நாட்டுப்பண்களிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. பிரான்சின் 'மார்செய்யேஸ்' 1792-இல் ரைன் படைக்காக எழுதப்பட்ட போர்ப்பாட்டு. அதன் கணக்கு நான்கு நான்கு. பிரிட்டனின் நாட்டுப்பண் மூன்று நான்கு. அமெரிக்காவின் நாட்டுப்பண்ணுக்கும் மூன்று நான்குதான். அதன் மெட்டு லண்டன் கனவான்கள் சங்கம் ஒன்றில் பாடுவதற்காக 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஸ்டாஃபோர்ட் ஸ்மித் அமைத்தது.

அமெரிக்க நாட்டுப்பண்ணைப் பாடுவது பாடகர்களுக்கு ஒரு சோதனை. மிகத் தாழ்ந்த சுரத்துக்கும் மிக உயர்ந்த சுரத்துக்கும் இடையே ஒரு முழு ஸ்தாயியும் அதற்கு மேல் பஞ்சமம் வரையிலுமான தூரம். மூன்று நான்கில் பாடும்போது ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரியின் முன்சுரங்கள் உடனே வந்து நிற்கும். மூச்சை முழுதாக இழுக்க நேரம் இருக்காது. உச்ச சுரத்தை நெருங்கும்போது இருக்க வேண்டிய காற்றில் பாதிதான் நெஞ்சில் இருக்கும். பலர் குரல் உடைவது அங்கேதான்.

1991 ஜனவரி 27 அன்று டாம்பா நகரில் நடந்த சூப்பர் பௌல் கால்பந்து இறுதிப் போட்டியில் விட்னி ஹூஸ்டன் இந்தப் பாட்டைப் பாடினார். வளைகுடாப் போர் தொடங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவருக்காக இசை அமைப்பை எழுதிய ஜான் கிளேட்டன் மெட்டில் கைவைக்கவில்லை, தாளக்குறியை மாற்றினார். மூன்று நான்கு, நான்கு நான்கு ஆனது. 1983-இல் மார்வின் கே ஒரு கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன் நான்கின் கணக்கில் பாடிக்காட்டிய முன்மாதிரி அவர்களுக்கு இருந்தது.

பாருக்கு ஒரு தட்டு கூடினால் என்ன கிடைக்கும்? தட்டின் வேகம் மாறாமல் இருந்தால் ஒவ்வொரு பாரும் மூன்றில் ஒரு பங்கு நீள்கிறது. வரியின் இறுதியில் நிற்கும் சுரத்தை இன்னும் ஒரு தட்டு பிடிக்கலாம். அல்லது அந்தத் தட்டை மௌனமாக விட்டு முழு மூச்சு எடுக்கலாம். ஹூஸ்டன் இரண்டையும் செய்தார். சுரங்கள் முட்டி மோதாமல் ஒவ்வொன்றாக வந்து நின்றன, கோவில் பாடகர் குழுவில் வளர்ந்த அவருடைய குரல் அவற்றைச் சுற்றி அலங்காரம் செய்ய இடம் கிடைத்தது, உச்ச சுரத்தில் நின்று மேலும் ஏறவும் காற்று மிச்சமிருந்தது. கூடவே மூன்றின் சாய்ந்தாடும் அசைவு போய், நான்கின் நிமிர்வும் வந்துவிட்டது. மதுவிருந்துச் சங்கத்தின் மெட்டாகப் பிறந்தது, போர்க்காலத்து மைதானத்தில் தோத்திரப் பாட்டின் கம்பீரத்தோடு நின்றது. அந்த ஒலிப்பதிவு தனிப்பாடலாக வெளியாகி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 20-ஆம் இடம் வரை போனது. 2001-இல் மறுபடி வெளியானபோது முதல் பத்துக்குள் நுழைந்தது.

அதன்பின் அமெரிக்க மைதானங்களில் பாடுபவர்களில் சிலர் பழைய மூன்றிலும் சிலர் ஹூஸ்டனின் நான்கிலும் பாடுகிறார்கள். எந்தப் பாடகர் எதில் பாடுகிறார் என்று அறிய இசை படித்திருக்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே தட்டுக்கு ஒன்றாக இடதும் வலதுமாகக் கால் மாற்றி மிதித்தால் போதும். பாட்டின் கனம் ஒவ்வொரு முறையும் ஒரே காலில் இறங்கினால் அவர் நான்கில் பாடுகிறார். ஒரு முறை இடதிலும் மறுமுறை வலதிலும் மாறி மாறி இறங்கினால் மூன்றில் பாடுகிறார்.